கிளர்வு ஆற்றல் 19 கிலோஜூல் குறைந்தால் வினைவேகம் எத்தனை மடங்கு கூடும்?

ஹைட்ரஜன் பெராக்சைடு தானாகவே நீராகவும் ஆக்சிஜனாகவும் சிதையக்கூடியது. ஆனால் அறை வெப்பநிலையில் அந்தச் சிதைவு மிகவும் மெதுவாக நடக்கிறது. அதே கரைசலில் சிறிதளவு பொட்டாசியம் அயோடைடைச் சேர்த்தால் குமிழிகள் கிளம்பத் தொடங்கிவிடும். அயோடைடு அயனி இங்கே வினையூக்கி. பாடநூல்கள் இந்த வினைக்குத் தரும் கிளர்வு ஆற்றல், வினையூக்கி இல்லாதபோது மோலுக்குச் சுமார் 75 கிலோஜூல். அயோடைடு இருக்கும்போது சுமார் 56 கிலோஜூல். குறைந்தது 19 கிலோஜூல். கேள்வி இதுதான்: 25 °C வெப்பநிலையில் வினைவேகம் எத்தனை மடங்கு கூடியிருக்கும்?

கணக்கைத் தொடாமல் ஊகிக்கச் சொன்னால் பெரும்பாலோர் 75-ஐ 56-ஆல் வகுப்பார்கள். 1.34 வரும். "வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடும்" என்பார்கள். தேவையான ஆற்றல் கால்பங்கு குறைந்தால் வேகமும் ஏறத்தாழ அதே அளவில்தானே கூட வேண்டும் என்ற எண்ணம் இயல்பானது. உண்மையான விடை சுமார் 2,140 மடங்கு. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் பள்ளம் ஏன் வந்தது என்று புரிந்துவிட்டால், இந்த வகைக் கணக்குகளில் மீதம் இருப்பது வெறும் பெருக்கல் வகுத்தல்தான்.

தகுதி பெறும் மூலக்கூறுகள்

ஒரு கரைசலில் எல்லா மூலக்கூறுகளும் ஒரே ஆற்றலோடு இருப்பதில்லை. சில மந்தமாக நகர்கின்றன, சில வேகமாக மோதுகின்றன. வினை நிகழ வேண்டுமானால் மோதலில் ஒரு குறைந்தபட்ச ஆற்றலாவது கிடைக்க வேண்டும். அதுதான் கிளர்வு ஆற்றல். அந்த அளவை எட்டாத மோதல்கள் எத்தனை கோடி நடந்தாலும் பயன் இல்லை. மூலக்கூறுகள் மோதி, வந்தபடியே பிரிந்துபோகும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது "எவ்வளவு ஆற்றல் தேவை" என்பதை அல்ல, "அவ்வளவு ஆற்றல் எத்தனை மூலக்கூறுகளிடம் இருக்கிறது" என்பதை. இதற்கு விடை சொல்ல, வெப்ப ஆற்றலுக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோல் RT. இதில் R என்பது வாயு மாறிலி, 8.314 ஜூல், T என்பது கெல்வினில் வெப்பநிலை. 25 °C என்பது 298 கெல்வின். இரண்டையும் பெருக்கினால் 2,478 ஜூல், அதாவது மோலுக்கு 2.48 கிலோஜூல். அறை வெப்பநிலையில் மூலக்கூறுகளிடம் சாதாரணமாகப் புழங்கும் ஆற்றல் இந்த அளவில்தான் இருக்கிறது.

இப்போது 75 கிலோஜூலை இதனருகில் வைத்துப் பாருங்கள். அது RT-ஐப்போல் முப்பது மடங்கு. சாதாரண மூலக்கூறு எட்டவே முடியாத உயரம் அது. எட்டக்கூடிய மூலக்கூறுகளின் பின்னம் e^(−30.27), கணக்கிட்டால் ஏறத்தாழ 14 லட்சம் கோடியில் ஒன்று. தடை 56 கிலோஜூலாக இறங்கினால், அது RT-ஐப்போல் 22.6 மடங்கு. இதுவும் எட்டாத உயரம்தான். ஆனால் இப்போது எட்டக்கூடியவை ஏறத்தாழ 650 கோடியில் ஒன்று. இரண்டுமே மிகமிகச் சிறிய பின்னங்கள். கண்ணுக்கு இரண்டும் சுழியம்போலவே தோன்றும். ஆனால் இரண்டாவது, முதலாவதைப்போல் இரண்டாயிரம் மடங்குக்கு மேல் பெரியது. வினைவேகம் அந்தப் பின்னத்தைத்தான் பின்பற்றுகிறது.

இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். தடை ஒரு RT அளவுக்கு, அதாவது 2.48 கிலோஜூல் குறையும் ஒவ்வொரு முறையும், தகுதி பெறும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை 2.718 மடங்காகிறது. முதல் 2.48 கிலோஜூல் குறைந்ததும் 2.7 மடங்கு. அடுத்த 2.48 குறைந்ததும் 7.4 மடங்கு. தொடர்ந்து 20, 55, 148, 403, 1,097. இதுவரை ஏழு முறை குறைத்திருக்கிறோம், செலவானது 17.3 கிலோஜூல். மீதமுள்ள 1.7 கிலோஜூலுக்கு இன்னொரு 1.95 மடங்கு. 1,097-ஐ அதனால் பெருக்கினால் 2,140. வங்கியில் கூட்டு வட்டி ஏறுவதைப்போன்ற ஏற்றம் இது. ஒவ்வொரு அடியும் முந்தைய மொத்தத்தின்மேல் பெருகுகிறது. 75-ஐ 56-ஆல் வகுத்தவர் பெருக்கல் நடக்கும் இடத்தில் விகிதத்தைத் தேடினார். அங்கேதான் வழி பிரிந்தது.

கணக்கின் வழி

மேலே சொன்னதைத்தான் ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஸ்வாந்தே அர்ஹீனியஸ் 1889-இல் முன்வைத்த சமன்பாடு ஒரே வரியில் சொல்கிறது:

```
k = A · e^(−Ea/RT)
```

k என்பது வினைவேக மாறிலி. Ea கிளர்வு ஆற்றல். A என்பது அதிர்வெண் காரணி. மூலக்கூறுகள் எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு சரியான கோணத்தில் மோதுகின்றன என்பதை அது தன்னுள் அடக்கியிருக்கிறது.

வினையூக்கி இல்லாத வினைக்கு ஒரு முறை, இருக்கும் வினைக்கு ஒரு முறை இந்தச் சமன்பாட்டை எழுதி, இரண்டாவதை முதலாவதால் வகுக்க வேண்டும். A இரண்டிலும் ஒன்றே என்று எடுத்துக்கொண்டால் அது அடிபட்டுப்போகும். இந்த "எடுத்துக்கொண்டால்" சாதாரணமான சொல் அல்ல. பிறகு இதற்குத் திரும்பி வருவோம். வகுத்தபின் நிற்பது இவ்வளவுதான்:

```
k2/k1 = e^(ΔEa/RT)

ΔEa  = 75 − 56 = 19 kJ/mol = 19000 J/mol
RT   = 8.314 × 298 = 2478 J/mol
ΔEa/RT = 19000/2478 = 7.67
k2/k1  = e^7.67 ≈ 2140
```

இதில் ஒன்றைக் கவனியுங்கள். 75, 56 என்ற தனித்தனி எண்கள் மறைந்துவிட்டன. வேறுபாடு மட்டுமே மிஞ்சியிருக்கிறது. தடை 100 கிலோஜூலிலிருந்து 81-க்கு இறங்கினாலும், 60-லிருந்து 41-க்கு இறங்கினாலும் மடங்கு அதே 2,140தான். தேர்வில் "கிளர்வு ஆற்றல் 19 கிலோஜூல் குறைந்தது" என்று மட்டும் சொல்லிவிட்டு முதல் மதிப்பைத் தராமல் விட்டால் பதற வேண்டியதில்லை. அது தேவையே இல்லை.

கணிப்பான் கையில் இல்லாதபோது உதவும் ஒரு குறுக்குவழி இருக்கிறது. மடங்கு பத்தாக வேண்டுமானால் தடை எவ்வளவு குறைய வேண்டும்? 2.303-ஐ RT-ஆல் பெருக்க வேண்டும். 25 °C-இல் அது 5.7 கிலோஜூல். இந்த ஓர் எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். 5.7 குறைந்தால் பத்து மடங்கு, 11.4 குறைந்தால் நூறு, 17.1 குறைந்தால் ஆயிரம். நம்முடைய 19-ஐ 5.7-ஆல் வகுத்தால் 3.33, அதாவது விடை ஆயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் நடுவில், ஆயிரத்துக்குச் சற்றே மேலே. விரிவான கணக்கைத் தொடங்கும் முன்பே விடை எந்தப் பக்கம் வரும் என்று தெரிந்துவிடுகிறது. இந்த வகைக் கணக்கைச் செய்ய உட்காரும் எவருக்கும் சமன்பாட்டைவிட இந்த 5.7-ஐத்தான் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

2,140 மடங்கு என்பதைக் காலமாக மாற்றினால் இன்னும் தெளிவாகும். ஒரு வினை பாதியாக முடிய ஓர் ஆண்டு எடுத்துக்கொண்டிருந்தால், இப்போது அது நான்கு மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஒரு நாள் எடுத்தது நாற்பது நொடியில் முடியும்.

விடை தவறினால் எப்படித் தெரியும்

இந்தக் கணக்கில் நேரும் பிழைகளுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: அவை விடையில் தம் முத்திரையைப் பதித்துவிட்டுப் போகின்றன.

மிகப் பரவலானது அலகுப் பிழை. கிளர்வு ஆற்றல் கிலோஜூலில் தரப்பட்டிருக்கும்; R ஜூலில் இருக்கும். மாற்றாமல் 19-ஐ அப்படியே 2,478-ஆல் வகுத்தால் 0.0077 வரும், e^0.0077 என்பது 1.008. அதாவது வினையூக்கி சேர்த்தும் வேகம் ஒரு விழுக்காடுகூட மாறவில்லை என்று விடை சொல்லும். விடை ஒன்றுக்கு மிக அருகில் வந்து நின்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்த ஆயிரத்தைத்தான்.

இதற்கு நேர் எதிரானது, வெப்பநிலையைக் கெல்வினுக்கு மாற்ற மறந்து 25 என்றே போடுவது. அப்போது RT 208 ஆகிவிடும். அடுக்கு 91-க்குத் தாவும். விடை 1-க்குப் பின்னால் நாற்பது சுழியங்களை நெருங்கும். எந்த வினையூக்கியும் 19 கிலோஜூலை வைத்துக்கொண்டு அப்படி ஒரு சாதனை செய்வதில்லை. 5.7 என்ற எண்ணை மனத்தில் வைத்திருப்பவர் இந்த விடையை எழுதும் முன்பே கையை நிறுத்திவிடுவார்.

மூன்றாவது, குறி மாறிப்போவது. வேறுபாட்டைத் தலைகீழாகக் கழித்தால் e^(−7.67), அதாவது 0.00047 கிடைக்கும். எண் தவறில்லை; அது தலைகீழ் விகிதம். வினையூக்கி இல்லாத வேகம், இருக்கும் வேகத்தில் எத்தனை பங்கு என்று அது சொல்கிறது. தடை குறைந்தும் மடங்கு ஒன்றுக்குக் கீழே வந்தால் குறியைத் திருப்ப வேண்டும்.

ஏன் "அறை வெப்பநிலையில்" என்று சொல்ல வேண்டும்

கேள்வியில் வெப்பநிலை இல்லாவிட்டால் விடை இல்லை. தடையின் குறைவு எத்தனை RT என்பதுதான் கணக்கு. T மாறினால் அந்த எண்ணிக்கையும் மாறும். அதே 19 கிலோஜூல் குறைவு, 100 °C-இல் வெறும் 460 மடங்கைத்தான் தருகிறது. சூடாகச் சூடாக மூலக்கூறுகளுக்கு ஆற்றல் பெருகி, பழைய உயரமான தடையைத் தாண்டக்கூடியவையும் கூடிவிடுகின்றன. எனவே தடையைக் குறைத்துக் கொடுப்பதன் மதிப்பு இறங்குகிறது. இரண்டு வினைகளின் வேகமும் வெப்பத்தில் கூடத்தான் செய்கிறது. அவற்றுக்கு நடுவிலுள்ள இடைவெளிதான் சுருங்குகிறது. தொடக்க மாணவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு.

அறை வெப்பநிலைக்குள்ளேயேகூட வேறுபாடு உண்டு. 20 °C என்று வைத்தால் சுமார் 2,440 மடங்கு. 30 °C என்றால் 1,890 மடங்கு. பாடநூல்கள் 25 °C-ஐப் பிடித்துக்கொள்வது ஒரு வழக்கம் மட்டுமே. ஆனால் அந்த வழக்கத்தைச் சொல்லாமல் விட்டால் இரண்டு பேரின் விடைகள் கால்பங்கு வரை விலகி நிற்கும்.

இதே கணக்கைத் தலைகீழாகக் கேட்டால் சுவையான விடை ஒன்று கிடைக்கிறது. வினையூக்கியே வேண்டாம், சூடாக்கியே அந்த 2,140 மடங்கு வேகத்தைப் பெறுகிறேன் என்று ஒருவர் சொன்னால், எவ்வளவு சூடாக்க வேண்டும்? 75 கிலோஜூல் தடை, புதிய வெப்பநிலையில் 22.6 RT-ஆகத் தெரிய வேண்டும். அதற்கு T-ஐ 75/56 மடங்காக உயர்த்தினால் போதும்: 298-ஐ 75-ஆல் பெருக்கி 56-ஆல் வகுத்தால் 399 கெல்வின், அதாவது 126 °C. தொடக்கத்தில் தவறான இடத்தில் பயன்பட்ட அந்த 1.34 என்ற விகிதத்துக்கு இங்கேதான் உரிய இடம். ஆனால் திறந்த பாத்திரத்தில் உள்ள நீர்த்த கரைசல் 126 °C-ஐ எட்டும் முன்பே கொதிக்கத் தொடங்கிவிடும். ஒரு சிட்டிகை அயோடைடு செய்வதைச் செய்ய அடுப்பால் எளிதில் முடியாது.

A ஒன்றே என்று எடுத்துக்கொண்டோமே

இப்போது அந்த "எடுத்துக்கொண்டால்" என்ற சொல்லுக்கு வருவோம். வினையூக்கி, இருக்கும் தடையைச் செதுக்கிக் குறைப்பதில்லை. அது வேறொரு வழியைத் திறந்துவிடுகிறது. பழைய வழி அதன் பழைய 75 கிலோஜூலோடு அப்படியே இருக்கிறது. மூலக்கூறுகளில் பெரும்பாலானவை புதிய வழியில் போகின்றன, அவ்வளவுதான். அயோடைடின் வழி இரண்டு படிகளைக் கொண்டது:

```
H2O2 + I⁻  → H2O + IO⁻         (மெதுவானது)
H2O2 + IO⁻ → H2O + O2 + I⁻     (விரைவானது)
```

முதல் படியில் அயோடைடு ஒரு ஆக்சிஜன் அணுவை வாங்கிக்கொள்கிறது. இரண்டாம் படியில் அதைக் கொடுத்துவிட்டுப் பழைய உருவத்துக்குத் திரும்புகிறது. மொத்த வேகத்தைத் தீர்மானிப்பது மெதுவான முதல் படி. அதில் பெராக்சைடோடு அயோடைடும் பங்கேற்பதால், வேகம் அயோடைடின் செறிவையும் சார்ந்திருக்கும். செறிவைப் பத்து மடங்காக்கினால் வேகமும் பத்து மடங்காகும். கிளர்வு ஆற்றலோ 56-லேயே நிற்கும்.

அப்படியானால் 2,140 என்ற எண் எந்தச் செறிவுக்கு உரியது? நேர்மையான பதில்: எந்தச் செறிவுக்கும் அல்ல. வினையூக்கி இல்லாத வினையின் k-க்கு ஓர் அலகு, இருக்கும் வினையின் k-க்கு வேறோர் அலகு. அவற்றை நேராக வகுக்கவே முடியாது. அயோடைடின் செறிவைப் பெருக்கி, ஒரே அலகுக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஒப்பிட முடியும். அந்தச் செறிவு A-யின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே பாடநூல் கணக்கு சொல்வது இதை மட்டுமே: தடை குறைந்ததால் மட்டும் கிடைக்கும் பங்கு 2,140 மடங்கு, மற்ற காரணிகள் அதைக் கூட்டலாம், குறைக்கவும் செய்யலாம். பிளாட்டினம்போன்ற திண்ம வினையூக்கியாக இருந்தால், செறிவின் இடத்தில் மேற்பரப்பு வந்து நிற்கும்; கட்டியாகப் போட்டதும் பொடியாகப் போட்டதும் ஒரே வேகம் தராது.

75 என்ற எண்ணையும் முழுமையாக நம்பிவிட வேண்டாம். பெராக்சைடு மூலக்கூறில் இரண்டு ஆக்சிஜன் அணுக்களுக்கு நடுவிலுள்ள பிணைப்பை உடைக்கவே மோலுக்கு ஏறத்தாழ 210 கிலோஜூல் வேண்டும். "வினையூக்கி இல்லாத" கரைசலில் வெறும் 75 போதும் என்று அளவீடு சொல்கிறதென்றால், பாத்திரத்தின் சுவரும் கரைசலில் இருக்கும் உலோக அயனிகளின் சுவடுகளும் ஏற்கெனவே கொஞ்சம் கைகொடுத்துக்கொண்டிருக்கின்றன என்றே கொள்ள வேண்டும். விற்பனைக்கு வரும் பெராக்சைடில் நிலைப்படுத்தும் பொருள்களைச் சேர்ப்பதும் இந்தச் சுவடுகளை அடக்கத்தான்.

எத்தனை இலக்கம் வரை நம்பலாம்

கணிப்பான் 2140.51 என்று காட்டினால் அதை அப்படியே எழுதிவிடும் ஆசை வரும். அடக்கிக்கொள்ள வேண்டும். கிளர்வு ஆற்றலில் 2 கிலோஜூல் பிழை இருப்பது அளவீட்டில் சாதாரணம். 19 உண்மையில் 17 என்றால் மடங்கு 955. 21 என்றால் 4,800. உள்ளே போன சிறு தடுமாற்றம் வெளியே வரும்போது இரண்டு மடங்குக்கு மேலான தடுமாற்றமாகிவிடுகிறது. அடுக்கில் இருக்கும் எதுவும் இப்படித்தான் நடந்துகொள்ளும். ஆகவே "சுமார் இரண்டாயிரம் மடங்கு" என்பதே பொறுப்பான விடை. தேர்வுத்தாளில் 2,140 என்று எழுதலாம். அதற்கு மேல் இலக்கம் சேர்ப்பது அலங்காரம்.

இந்தத் தடுமாற்றம் எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு இதே பெராக்சைடிலேயே சான்று இருக்கிறது. நம் உடலில் உள்ள காட்டலேஸ் என்ற நொதியும் இதைச் சிதைக்கிறது. அதற்கான கிளர்வு ஆற்றலாகச் சில நூல்களில் 23 கிலோஜூல் என்றும், சிலவற்றில் 8 கிலோஜூல் என்றும் அச்சாகியிருக்கும். முதல் எண்ணை வைத்தால் தடையின் குறைவு 52, 5.7-ஆல் வகுத்தால் 9.1; மடங்கு நூறு கோடிக்குச் சற்று மேல். இரண்டாம் எண்ணை வைத்தால் குறைவு 67. மடங்கு ஐம்பதாயிரம் கோடிக்கு மேல். அச்சில் இருக்கும் 15 கிலோஜூல் வேறுபாடு விடையை நானூறு மடங்குக்கு மேல் தள்ளிவிடுகிறது. "நொதி இத்தனை கோடி மடங்கு வேகப்படுத்துகிறது" என்ற வாக்கியத்தை எங்கே கண்டாலும், அது நேரடியாக அளந்த வேகமா, கிளர்வு ஆற்றலிலிருந்து கணக்கிட்டதா என்று கேட்பது நல்லது.

பின்னோக்கிய வினை

இன்னொரு ஐயம் அடிக்கடி எழும்: இரண்டாயிரம் மடங்கு வேகம் என்றால் கூடுதல் ஆக்சிஜன் கிடைக்குமா? கிடைக்காது. பெராக்சைடு சிதையும்போது மோலுக்குச் சுமார் 98 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. அதே வழியில் பின்னோக்கிப் போக வேண்டுமானால் தடை 75-உம் 98-உம் சேர்ந்த 173 கிலோஜூல். அயோடைடு வந்தபின் அது 56-உம் 98-உம் சேர்ந்த 154. குறைந்தது அங்கேயும் 19தான். முன்னோக்கிய வினை எத்தனை மடங்கு கூடியதோ, பின்னோக்கிய வினையும் அதே மடங்கு கூடுகிறது. சமநிலை இம்மியும் நகர்வதில்லை. அங்கே போய்ச் சேரும் காலம் மட்டும் குறைகிறது. முடிவில் கிடைக்கும் ஆக்சிஜனின் கன அளவு இரண்டு பாத்திரங்களிலும் ஒன்றே.

அளந்து பார்ப்பது

வேகம் கூடியது தடை குறைந்ததாலா, A மாறியதாலா என்று ஒரே ஒரு வெப்பநிலையில் எடுத்த அளவீட்டால் சொல்ல முடியாது. ஆயிரம் மடங்கு வேகம் கண்டவுடன் "தடை 17.1 கிலோஜூல் குறைந்துவிட்டது" என்று தலைகீழாகக் கணக்கிட்டுச் சொல்பவர்கள் உண்டு. A மாறவில்லை என்பதற்குத் தனிச் சான்று இருந்தால் அது சரி. இல்லாவிட்டால் வெறும் ஊகம்.

சரியான வழி, வினையூக்கி உள்ள கரைசலையே இரண்டு வெப்பநிலைகளில் ஓட்டிப் பார்ப்பது. பெராக்சைடின் செறிவும் அயோடைடின் செறிவும் இரண்டு முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். கரைசலை நீர்த்தொட்டியில் வைத்து வெப்பநிலையை நிலைநிறுத்தி, வெளியேறும் ஆக்சிஜனை வாயு ஊசிக்குழலில் சேகரித்து, முதல் சில நிமிடங்களில் கன அளவு எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். 25 °C-இல் ஒரு முறை, 35 °C-இல் ஒரு முறை. வினை வெப்பம் உமிழ்வது என்பதால் செறிவான கரைசலை எடுக்கக்கூடாது; கரைசல் தானே சூடேறி, நீங்கள் குறித்துக்கொண்ட வெப்பநிலையைப் பொய்யாக்கிவிடும்.

கிளர்வு ஆற்றல் உண்மையில் 56 என்றால், பத்து டிகிரி ஏறும்போது வேகம் ஏறத்தாழ 2.1 மடங்காக வேண்டும். 75-ஆகவே இருந்திருந்தால் 2.7 மடங்காகும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிதல்ல. கவனமாக அளந்தால்தான் பிடிபடும். 2.1-ஐ ஒட்டி வந்தால் தடை இறங்கியிருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். 2.7-ஐ ஒட்டி வந்தால், சேர்த்த பொருள் எத்தனை வேகம் கொடுத்திருந்தாலும் தடையைத் தொடவில்லை. வேகம் A வழியாக வந்திருக்கிறது, e^(ΔEa/RT) என்ற சூத்திரத்துக்கு அங்கே வேலை இல்லை.